எல்லோரும் ஒன்றாக மிச்சம் பிடித்தால் மொத்தச் சேமிப்பு ஏன் அதிகமாகாது? அம்மாவின் சீட்டு நோட்டை வைத்து ஒரு கேள்வி

வண்ணை பாலு | ஞாயிறு, காலை 10.15

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அம்மா ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, சீட்டுத் தொகை 1 லட்சம். இருபது வருடத்துக்கு மேலாக இது ஓடுகிறது. எனக்கு எம்.சி. ரோட்டில் ஒரு சின்ன ரெடிமேட் கடையில் பங்கு உண்டு. அம்மா தெருவில் எல்லோரையும் சேர்த்து வைக்கச் சொல்கிறார், நான் எல்லோரையும் துணி எடுக்கக் கூப்பிடுகிறேன். இரண்டும் ஒரே வீட்டில்தான் நடக்கிறது.

போன வாரம் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் நண்பன் ஒருவன் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. ஒரு குடும்பம் சிக்கனமாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நல்லது, எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் சிக்கனமாக ஆனால் எல்லோருடைய வருமானமும் குறையும், கடைசியில் சேமிப்பும் அதிகமாகாது என்றான். வருமானம் குறையும் என்பது எனக்குப் புரிகிறது. கடையில் ஆள் வராத நாளை நான் பார்த்திருக்கிறேன். சேமிப்பும் அதிகமாகாது என்றானே, அதுதான் புரியவில்லை. அம்மா சீட்டில் இருக்கும் 20 பேரும் ஆளுக்கு 1,000 கூடுதலாக எடுத்து வைத்தால் 20,000 கூடத்தானே வேண்டும்? அந்தப் பணம் எங்கே போகிறது? யாராவது கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பெரம்பூர் மோகன் | ஞாயிறு, காலை 11.02

பாலு, உங்கள் நண்பர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார். பணம் எங்கேயும் காணாமல் போகாது. மிச்சம் பிடித்த பணம் வங்கிக்குப் போகும். வங்கியில் பணம் நிறைந்தால் வட்டி குறையும். வட்டி குறைந்தால் அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர் கடன் வாங்கி இன்னொரு லேத் போடுவார். இட்லிக்குப் போகாத பணம் லேத்துக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஜப்பான், கொரியா, சீனா மூன்றும் சேமித்துத்தான் முன்னுக்கு வந்தன. என் அப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்த அன்றே அஞ்சலகத்தில் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்தப் பணத்தில்தான் நாங்கள் படித்தோம்.

காசிமேடு லதா | ஞாயிறு, மதியம் 1.30

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எங்களிடம் வந்து சேமிக்காதே என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. பொங்கல் முடிந்ததிலிருந்தே நான் சேர்த்து வைத்தால்தான் அந்த 61 நாளும் அடுப்பு எரியும். நிவாரணப் பணம் வரும், அது அரிசிக்குக் கூடப் போதாது. எங்கள் தெருவில் எல்லோரும் ஒன்றாகத்தான் சேர்க்கிறோம். அதனால் துறைமுகம் வற்றிவிட்டதா?

திருவொற்றியூர் தணிகாசலம் | ஞாயிறு, மாலை 6.40

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் கடன் பிரிவு. பாலு கேட்டது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லதா அம்மா. நீங்கள் செய்வது முற்றிலும் சரி, பாலு கேட்பதும் உங்களைப் பற்றியது அல்ல. நீங்கள் மார்ச்சில் சேர்த்ததை மே மாதத்தில் செலவழிக்கிறீர்கள். உங்கள் தெருவின் வருமானமும் வெளியிலிருந்து வருகிறது. மீன் ஆந்திராவுக்கும் கேரளாவுக்கும் போகிறது. நீங்கள் மார்ச்சில் புடவை எடுக்கவில்லை என்பதற்காக மீன் வாங்குபவர்கள் குறைந்துவிடுவதில்லை. சிக்கல் வருவது வேறு இடத்தில். என் செலவுதான் உங்கள் வருமானம், உங்கள் செலவுதான் என் வருமானம் என்று வட்டமாக ஓடும் இடத்தில், எல்லோரும் ஒரே மாதத்தில் கையை இறுக்கிக்கொண்டால், எப்போது திறப்போம் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால், அங்கேதான் வரும்.

இப்போது கணக்கு. உங்கள் தெருவில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு ஏதோ பயம். மாதம் 3,000 கூடுதலாக எடுத்து வைக்க முடிவு செய்கிறார். அந்த 3,000 முன்பு தையல்கார அக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பளக்காரருக்குச் சேமிப்பு 3,000 கூடியது. அக்காவுக்கு வருமானம் 3,000 குறைந்தது.

அக்கா என்ன செய்வார்? முழு 3,000-த்தையும் செலவில் குறைக்க முடியாது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அப்படியே இருக்கின்றன. செலவில் 2,000 குறைக்கிறார். மீதி 1,000-த்துக்குச் சீட்டுப் பணத்தை நிறுத்துவார், இல்லாவிட்டால் கைவசம் இருப்பதை எடுப்பார். ஆக அவருடைய சேமிப்பு 1,000 குறைந்தது. அவர் குறைத்த 2,000 இட்லிக் கடைக்குப் போக வேண்டியது. இட்லிக் கடைக்காரர் 1,300 செலவைக் குறைத்து, 700-ஐச் சேமிப்பிலிருந்து எடுக்கிறார். அந்த 1,300 ஆட்டோக்காரருடைய வருமானம். அவர் 900 குறைத்து, 400 எடுக்கிறார். அடுத்தவர் 600 குறைத்து, 300 எடுக்கிறார்.

எடுத்ததைக் கூட்டுங்கள்: 1,000, 700, 400, 300. நாலே பேரில் 2,400 வந்துவிட்டது. இன்னும் போகப் போக அது 3,000-த்தைத் தொட்டுத்தான் நிற்கும். சம்பளக்காரர் வீட்டில் கூடிய 3,000-மும் மற்றவர்கள் வீட்டில் குறைந்த 3,000-மும் சரிக்குச் சரி. தெருவின் மொத்தச் சேமிப்பு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் வருமானத்தில் 3,000, 2,000, 1,300, 900 என்று இறங்கிக்கொண்டே போய் மொத்தம் ஏறத்தாழ 9,000 போய்விட்டது.

உங்கள் நண்பர் சொன்னது இதைத்தான். ஒருவருக்குப் பதில் 20 பேரும் ஒன்றாக ஆரம்பித்தால், ஒவ்வொருவரும் மிச்சம் பிடிப்பவராகவும் இருப்பார், வருமானம் இழப்பவராகவும் இருப்பார். எடுத்து வைத்ததை எடுத்துச் செலவழிக்க வேண்டியும் வரும். ஏன் கூடவில்லை என்று தெரியாமல் அடுத்த மாதம் இன்னும் இறுக்குவார்கள்.

நான் எல்லாச் செலவும் தெருவுக்குள்ளேயே நடப்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன். உண்மையில் அரிசியும் கேஸும் வெளியிலிருந்து வருகின்றன, அதனால் இழப்பின் ஒரு பங்கு செங்குன்றம் அரிசி மண்டிக்கும் அதற்கு அப்பாலும் போகும். தெருவில் அடி குறைவாகத் தெரியும், நாடு முழுக்கப் பார்த்தால் குறையாது.

பெரம்பூர் மோகன் | ஞாயிறு, இரவு 8.10

சார், கணக்கு புரிகிறது. ஆனால் என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்த 3,000 வங்கியில்தானே கிடக்கிறது? வங்கி அதைப் பட்டறைக்காரருக்குக் கொடுத்தால், அவர் லேத் வாங்கினால், லேத் செய்தவருக்கு வருமானம். சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறதே.

திருவொற்றியூர் தணிகாசலம் | ஞாயிறு, இரவு 9.25

கொடுத்தால், வாங்கினால் என்று நீங்கள் எழுதிய இரண்டு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது, மோகன். அப்படி நடந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆலைகள் எல்லாம் முழு வேகத்தில் ஓடி, ஆளும் பொருளும் கிடைக்காமல் விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் மக்கள் மிச்சம் பிடிப்பது நாட்டுக்கு நல்லதே. கொரியாவில் சேமித்த காலத்தில் அதைக் கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டவும், செய்த பொருளை வாங்கவும் வெளியே ஆள் இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சம்பளக்காரர் செலவழிக்காததால் வங்கிக்குப் புதிதாக ஒரு ரூபாயும் வரவில்லை. அவர் ஜி-பே செய்திருந்தால் அந்த 3,000 தையல்கார அக்காவின் கணக்குக்குப் போயிருக்கும். இப்போது இவர் கணக்கிலேயே நிற்கிறது. வங்கியில் இருக்கும் மொத்த வைப்பு அதேதான். நாங்கள் கூடுதலாகக் கடன் கொடுக்க அதில் எதுவும் இல்லை. மாறியது ஒன்றுதான்: அக்காவின் கணக்கில் வரவு குறைந்தது, அவர் இனிமேல் கடனுக்கு வந்தால் நான் யோசிப்பேன். பட்டறைக்காரரும் கையில் ஆர்டர் இருந்தால்தான் லேத் போடுவார். கடையில் கூட்டம் குறையும்போது வட்டி 2 சதவீதம் இறங்கியது என்பதற்காக மெஷின் வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936-இல் முழுக் கோட்பாடாக எழுதுவதற்கு முன்பே, 1931 ஜனவரியில், மந்தத்தின் நடுவில், பிரிட்டிஷ் வானொலியில் இதைப் பேசினார். நீங்கள் 5 ஷில்லிங் மிச்சம் பிடிக்கும்போதெல்லாம் ஒருவருடைய ஒரு நாள் வேலை போகிறது என்று வீட்டுப் பெண்களிடம் சொன்னார். கடைகளில் தள்ளுபடி நடக்கிறது, போய் வாங்குங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

பாலு, உங்கள் அம்மாவிடம் சீட்டு நோட்டு இருக்குமே. சீட்டை எடுப்பவர் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளுதான் உங்கள் தெருவின் வட்டி. கடன் வேண்டியவர் அதிகம் என்றால் தள்ளு ஏறும், எல்லோரும் சேர்க்கவே விரும்பினால் இறங்கும். 2018-இல் எவ்வளவு போனது, 2020-இல் எவ்வளவு போனது என்று பாருங்கள். ஒரே தவணையை மட்டும் ஒப்பிடுங்கள். 3-ஆம் தவணையில் தள்ளு எப்போதும் அதிகம், 18-ஆம் தவணையில் எப்போதும் குறைவு. அதைக் கலந்துவிட்டால் தப்பாகப் படிப்பீர்கள்.

(பதிவு செய்யாத சீட்டு பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அதை அம்மாவிடம் நேரில் வந்து சொல்கிறேன்.)

வண்ணை பாலு | திங்கள், இரவு 10.05

பார்த்தேன் ஐயா. அம்மா எல்லாவற்றையும் நீல மையில் எழுதி வைத்திருக்கிறார்.

2018 ஜனவரியில் ஆரம்பித்த சீட்டில் 8-ஆம் தவணை ஆகஸ்டில். தள்ளு 18,000. எடுத்தவர் கைக்கு 82,000. அம்மா கமிஷன் 5,000 போக மீதி 13,000 எல்லோருக்கும் கசர், ஆளுக்கு 650. அந்த மாதம் எல்லோரும் 4,350 கட்டினால் போதும். எடுத்தவர் தங்கை கல்யாணத்துக்கு எடுத்தார். அதில் எங்கள் கடையில் மட்டும் 11,000-க்குத் துணி எடுத்தார், அது எனக்கே நினைவிருக்கிறது.

அடுத்து 2020 ஜனவரியில் ஆரம்பித்த சீட்டு. ஏப்ரல், மே ஏலம் நடக்கவில்லை. ஜூனில் 4-ஆம் தவணை. 8-ஆம் தவணை அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய மாதம். வழக்கமாக அந்த ஏலத்தில் சண்டையே வரும். அன்று ஒருவரும் கேட்கவில்லை. கமிஷன் 5,000 மட்டும் கழித்து, குலுக்கல் போட்டு ரயில்வேயில் வேலை செய்யும் ஒருவருக்கு 95,000 கொடுத்தார்கள். கசர் ஒன்றும் இல்லை, எல்லோரும் முழு 5,000 கட்டினார்கள். அவர் அதை அப்படியே அஞ்சலகத்தில் போட்டார். எனக்கு இப்போது வேண்டாம் அக்கா என்று அவர் இரண்டு முறை சொன்னாராம்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். கேட்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்களாம். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் மூலக்கொத்தளத்தில் தள்ளுவண்டி வைத்திருப்பவர். மீதி 12 தவணையைக் கட்டுவதற்கு அம்மா ஜாமீன் கேட்டார், அவர்களுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை.

திருவொற்றியூர் தணிகாசலம் | செவ்வாய், காலை 7.30

இந்த ஒரு பக்கம் போதும் பாலு. நல்ல காலத்தில் சீட்டு என்பது வெறும் சேமிப்பு இல்லை. 19 பேர் கட்டுவது அதே வாரத்தில் ஒருவர் கையால் கடைக்குப் போகிறது. சேமிப்பும் செலவும் ஒரே மேஜையில் சந்திக்கின்றன. தள்ளு ஏறி இறங்கி அந்த இரண்டையும் சமமாக்குகிறது. மோகன் சொல்லும் வட்டி செய்ய வேண்டிய வேலை அதுதான்.

2020 அக்டோபரில் தள்ளு கமிஷனைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அன்று அந்த மேஜையைச் சமமாக்க வேண்டுமானால், சீட்டை எடுப்பவருக்கு மற்றவர்கள் மேலே போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். யார் கொடுப்பார்கள்? அதனால் 19 பேர் பணம் ரயில்வேக்காரர் வழியாக அஞ்சலகத்துக்குப் போய்த் தெருவை விட்டு வெளியேறியது. வேண்டியவர் இரண்டு பேர் இருந்தும் கிடைக்கவில்லை. தள்ளு குறைந்தது என்பதற்காகக் கடன் எளிதாகிவிடவில்லை. பயம் வந்தால் கொடுப்பவரும் ஜாமீனைக் கூட்டிவிடுவார்.

நாட்டிலும் இதன் பெரிய வடிவம் நடந்தது. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.15-லிருந்து 2020 மார்ச்சில் 4.4, மே மாதம் 4 என்று இறக்கியது. பூஜ்யத்துக்குப் போகவே இல்லை, இருந்தும் வங்கிகள் லட்சக்கணக்கான கோடியை 3.35 சதவீதத்துக்கு ரிசர்வ் வங்கியிடமே திரும்பக் கொண்டுபோய் வைத்தன. கடன் கேட்டு நம்பத்தக்க ஆள் வரவில்லை என்பதுதான் காரணம்.

வியாசர்பாடி அருள் | செவ்வாய், மாலை 4.50

குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன், அதனால் ஒரு சந்தேகம் சார். 2020-ஐ எடுத்துக்காட்டாகச் சொல்வது சரியா? மார்ச் 25 முதல் கடையே மூடியிருந்தது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியதற்கு ஊரடங்குதான் காரணம், மக்களின் சிக்கனம் இல்லை. இன்னொன்று, அந்தக் காலாண்டில் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு ஜி.டி.பி.யில் 21 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. வழக்கத்தைவிட மிக அதிகம். சேமிப்பு கூடாது என்கிறீர்கள், கூடியிருக்கிறதே?

திருவொற்றியூர் தணிகாசலம் | செவ்வாய், இரவு 9.00

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஏப்ரலையும் மே மாதத்தையும் சிக்கனத்தின் கணக்கில் எழுத முடியாது. அதனால்தான் பாலு கொடுத்த அக்டோபர் பக்கம் எனக்கு முக்கியமாகப் பட்டது. கடை திறந்திருந்தது, பண்டிகை வந்துவிட்டது, கையில் பணம் இருந்தது, அப்படியும் எடுக்கவில்லை.

இரண்டாவது பாதிக்கு வருவோம். குடும்பங்கள் கையில் நிஜமாகவே சேமிப்பு கூட வேண்டுமானால், அவர்கள் செலவழிக்காததை வேறு யாராவது கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டும். அந்த வருடம் அதைச் செய்தது அரசு. வரி வரவு விழுந்தது, ரேஷனும் நிவாரணமும் போயின, 2020-21-இல் மத்திய அரசின் பற்றாக்குறை ஜி.டி.பி.யில் 9 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் கடன்தான் மறுபக்கத்தில் சேமிப்பாகத் தெரிகிறது. அரசும் அதே நேரத்தில் கையை இறுக்கியிருந்தால் குடும்பங்களுக்கு அந்த 21 கிடைத்திருக்காது, வருமானம்தான் இன்னும் விழுந்திருக்கும். அதோடு, மொத்தத்தில் 21 என்றால் எல்லா வீட்டிலும் 21 என்று அர்த்தம் இல்லை.

காசிமேடு லதா | செவ்வாய், இரவு 10.20

கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் நாள் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

2020-இல் கடல் திறந்த பிறகும் எங்களுக்கு வியாபாரம் இல்லை. ஓட்டல்கள் வாங்கவில்லை, வீட்டுக்கு வாங்குபவர்களும் ஒரு கிலோ கேட்ட இடத்தில் கால் கிலோ கேட்டார்கள். வஞ்சிரம் கேட்டவர்கள் சங்கராவுக்கு வந்தார்கள். எல்லோரும் சம்பளம் நின்றவர்கள் இல்லை. ஒரு டீச்சர், 12 வருட வாடிக்கை, மாதா மாதம் சம்பளம் வருகிறது, எதற்கும் கொஞ்சம் கையில் இருக்கட்டும் லதா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த ஆகஸ்டில் நான் இரண்டு வளையலை அடகு வைத்தேன். சேட்டுக் கடையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள், எல்லோரும் தெரிந்த முகம்.

சார் போட்ட கணக்கில் 1,000, 700, 400 என்று சேமிப்பு குறைகிறதே, அந்த வரிசையில் நான் நின்றிருக்கிறேன். டீச்சர் வீட்டில் கூடியது என் வீட்டில் அடகுச் சீட்டாக வந்தது. அப்படித்தானே?

திருவொற்றியூர் தணிகாசலம் | செவ்வாய், இரவு 10.45

அப்படியேதான் அம்மா. நான் இவ்வளவு எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அதே ஆகஸ்டில் நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் 75 தான்.

பெரம்பூர் மோகன் | புதன், காலை 9.15

லதா அக்கா எழுதியதைப் படித்த பிறகு, வங்கியில் கிடக்கும் பணம் தானாக வேலை செய்யும் என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாவற்றுக்கும் அரசு செலவழிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி நிதியமைச்சர் ஒரு திட்டம் அறிவித்தார். மத்திய அரசு ஊழியர்கள் விடுமுறைப் பயணச் சலுகைக்குப் பதில் பணமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கு, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருளை மார்ச் 31-க்குள் டிஜிட்டலில் வாங்கி பில் காட்ட வேண்டும். சேர்த்து வைத்திருப்பவர் கையிலிருந்தே செலவை வரவழைக்கும் வழி அது. கடன் வாங்கி இறைப்பதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடி அருள் | புதன், மதியம் 12.40

ஆனால் அண்ணா, 12 சதவீதத்துக்கு மேல் என்றால் டிவி, ஃபிரிட்ஜ். லதா அக்காவின் மீனுக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை. தையல்கார அக்கா பில்லும் போடமாட்டார். அதே அரசு அந்த ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வை 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை நிறுத்தியும் வைத்தது. ஒரு கையால் செலவழி என்று சொல்லி, இன்னொரு கையால் பயத்தைக் கொடுத்தால் யார் செலவழிப்பார்கள்?

பெரம்பூர் மோகன் | புதன், மதியம் 1.05

அகவிலைப்படி நியாயமான கேள்வி. பில் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. டிவி வாங்கினால் அதை இறக்கி வைக்கும் ஆளுக்கும் கூலி கிடைக்கிறது, அவர் மீன் வாங்குவார். தணிகாசலம் சார் காட்டிய சங்கிலிதான், ஏறும் பக்கமாக.

திருவொற்றியூர் தணிகாசலம் | புதன், மாலை 5.30

அந்தச் சங்கிலி டிவியில் ஆரம்பித்தால் பெரும்பகுதி தொழிற்சாலைக்கும் வெளிநாட்டு உதிரிபாகத்துக்கும் போகும், மீனில் ஆரம்பித்தால் காசிமேட்டிலேயே இரண்டு சுற்று வரும். எவ்வளவு வித்தியாசம் என்பதில் பொருளாதாரம் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை. நீங்கள் இருவரும் ஒத்துப்போகாததில் எனக்கு வருத்தம் இல்லை.

வண்ணை பாலு | வியாழன், இரவு 9.50

முழு இழையையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்போ நான் சீட்டை நிறுத்த வேண்டுமா என்று முதலில் கேட்டார். வேண்டாம், எடுப்பதற்கு ஆள் இருக்கும்வரை சீட்டு பணத்தைச் சுற்ற விடுகிறது என்று தணிகாசலம் ஐயா எழுதிய பகுதியை இன்னொரு முறை படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 2020 நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று ஜாமீன் கிடைக்காத தையல்கார அக்கா இப்போது ஓடும் சீட்டிலும் இருக்கிறார். ஞாயிறு 6-ஆம் தவணை. பவர் மெஷின் ஒன்று வாங்கக் கேட்கப் போகிறாராம், பள்ளிச் சீருடை ஆர்டர் கையில் இருக்கிறதாம். ஜாமீன் கையெழுத்து நான் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கடையை நம்பிப் போடுகிறாயா, அவளை நம்பிப் போடுகிறாயா என்று கேட்டார். ஆர்டரை நம்பி என்றேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

காசிமேடு லதா | வியாழன், இரவு 10.10

எவ்வளவு தள்ளிக் கேட்கப் போகிறார் தம்பி?

வண்ணை பாலு | வியாழன், இரவு 10.12

16,000 வரை போவாராம் அக்கா. எதிரில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.